ஒரு பண்ணைக்கு எத்தனை பட்டை? பிட்ச்சில் சந்தை அளவுப் பத்தியைத் திருத்தி எழுதுவது

கேள்வி: "கறவை மாடு பருவத்துக்கு வருவதைக் கண்டுபிடித்துப் போனுக்குத் தகவல் அனுப்பும் கழுத்துப்பட்டை செய்கிறோம். பட்டை ஒன்றுக்கு ஆண்டுக்கு 2,400 ரூபாய். ஈரோடு, நாமக்கல் மாவட்டங்களில் 38 பண்ணைகளில் 410 பட்டைகள் மாட்டியிருக்கிறோம். இலவச சோதனை முடிந்த 24 பண்ணைகளில் 11 பண்ணைகள் பணம் கட்டுகின்றன, மொத்தம் 64 பட்டைகளுக்கு. முதலீட்டாளர்களுக்குக் காட்டும் பிட்ச்சில் 'இந்தியாவில் 30 கோடி மாடுகள், சந்தை 72,000 கோடி ரூபாய், 1 சதவீதம் பிடித்தாலே 720 கோடி' என்று எழுதியிருந்தோம். இரண்டு முதலீட்டாளர்கள் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டார்கள். எப்படி மாற்றி எழுதினால் நம்புவார்கள்?"

எண் பெரியது என்பதற்காக அவர்கள் நின்றிருக்க மாட்டார்கள். மாட்டுத் தொழுவத்துக்குள் காலே வைக்காத ஒருவர்கூட ஐந்து நிமிடத்தில் போட்டுவிடக்கூடிய கணக்கு அது என்பதுதான் உறுத்தியிருக்கும். சந்தை எவ்வளவு பெரியது என்பதோடு, வாங்குகிற ஆளை இவர்களுக்குத் தெரியுமா என்று பார்ப்பதற்கும்தான் எச்சரிக்கையான முதலீட்டாளர் அந்தப் பத்தியைப் படிக்கிறார். நான் ஒன்பது ஆண்டுகள் வங்கியில் கறவை மாட்டுக் கடன் பார்த்தேன். அதற்கப்புறம் பத்து ஆண்டுகளாக, ஆரம்ப நிலை நிறுவனங்களில் பணம் போடும் ஒரு சிறு குழுவுக்காகப் பிட்ச்களைப் படித்து வருகிறேன். உங்கள் கேள்வியில் இரண்டு வேலையும் சந்திப்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 30 கோடியைப் பிரித்துப் பார்ப்போம். எண் பொய்யில்லை. 2019-இல் எடுத்த 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பசுவினம் 19.25 கோடி, எருமை 10.98 கோடி. இதில் காளை, உழவு மாடு, கன்று எல்லாம் அடங்கும். பாலில் இருப்பவை, பால் வற்றியவை என்று கறவைப் பசுக்களையும் எருமைகளையும் மட்டும் சேர்த்தால் அதே கணக்கெடுப்பு சொல்வது 12.53 கோடி. உங்கள் எண்ணில் பாதிக்கு மேல் இங்கேயே போய்விட்டது. அடுத்தது எருமை. எருமை பருவத்துக்கு வந்தாலும் வெளியே அவ்வளவாகக் காட்டாது, சத்தமில்லாமல் வந்து போய்விடும். நடமாட்டத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் பட்டை பசுவில் வேலை செய்கிற மாதிரியே எருமையிலும் வேலை செய்யும் என்று, எருமையில் மாட்டிப் பார்க்காமல் எழுத முடியாது. நாட்டு மாடு வைத்திருப்பவர் ஒரு வேளைக்கு இரண்டு லிட்டர் கறக்கும் மாட்டுக்கு ஆண்டுக்கு 2,400 ரூபாய் கட்டுவாரா என்பதும் சந்தேகம்தான். மிச்சம் இருப்பது கலப்பின, அயலின மாடுகள். அவை கன்றும் காளையும் சேர்த்து நாடு முழுவதும் 5.04 கோடி.

பலர் இந்த இடத்தோடு நிறுத்திவிட்டு 5 கோடியை 2,400-ஆல் பெருக்கி 12,000 கோடி என்று எழுதுகிறார்கள். 72,000-ஐவிட அடக்கமாகத் தெரிகிறது, அவ்வளவுதான். தவறு அப்படியே இருக்கிறது. மாடு பட்டை வாங்குவதில்லை, பண்ணைக்காரர் வாங்குகிறார். இரண்டு மாடு வைத்திருப்பவர் வீட்டில் விடிகாலையில் பால் கறக்கும்போதே யாராவது ஒருவர் கவனித்துவிடுவார்கள். மாடு கத்துகிறது, தண்ணீர் குடிக்கவில்லை, பின்னால் கண்ணாடி மாதிரி சளி ஒழுகுகிறது என்று பார்த்ததும் சினை ஊசி போடுபவருக்குப் போன் போய்விடும். அவருக்கு உங்கள் பட்டை தேவையில்லை. உங்களுக்கும் அவர் கட்டுப்படியாக மாட்டார். பட்டைகளின் தகவலை வாங்கி அனுப்பும் பெட்டி பண்ணைக்கு ஒன்று வைக்க வேண்டியிருக்கும், அதற்கு ஒரு விலை உண்டு, ஆளும் ஒரு நாள் போய் வர வேண்டும். கலப்பின மாடுகளில் பெரும்பகுதி இப்படி ஒன்று, இரண்டு, மூன்று என்று வீடுகளில்தான் நிற்கிறது. ஆகவே எண்ண வேண்டிய அலகு பண்ணை. உங்கள் விஷயத்தில், பத்துக்கு மேல் கலப்பினப் பசு வைத்து, கவனிக்கக் கூலி ஆளை நம்பியிருக்கும் பண்ணை.

அந்த எண்ணை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் உங்கள் பத்தியின் மதிப்பே இருக்கிறது. மொத்த மாட்டு எண்ணிக்கை எளிதாகக் கிடைக்கும். மாவட்டத்தில் பத்து மாட்டுக்கு மேல் வைத்திருப்பவர் எத்தனை பேர் என்பது அப்படிக் கையில் வந்து விழாது. ஆனால் அது தினமும் இரண்டு வேளை எழுதப்படும் ஓர் இடம் இருக்கிறது. பால் சொசைட்டியிலும் தனியார் பால் நிறுவனங்களின் கொள்முதல் மையத்திலும் யார் எத்தனை லிட்டர் ஊற்றினார்கள், கொழுப்பு எவ்வளவு என்று ஆள்வாரியாகப் பதிவாகிறது. பால் பணம் கொடுப்பதே அந்தப் பதிவை வைத்துத்தான் என்பதால் அதில் பொய் குறைவு. பத்துக் கலப்பினப் பசு இருந்தால் எந்த நேரத்திலும் ஆறேழுதான் பாலில் இருக்கும். மாட்டுக்கு ஒன்பது, பத்து லிட்டர் என்று வைத்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 60 லிட்டர் ஊற்றுவார். ஆக, நாளொன்றுக்குச் சராசரியாக 60 லிட்டருக்கு மேல் ஊற்றுகிறவர்களை எண்ணினால் உங்கள் பண்ணைகள் பெரும்பாலும் அதற்குள் வந்துவிடும். ஒரு வாரப் பதிவு போதாது. கோடையில் பால் குறையும், ஒரே சமயத்தில் நாலு மாடு வற்றினால் பெரிய பண்ணையும் சின்னதாகத் தெரியும். குறைந்தது மூன்று மாதப் பதிவாவது பாருங்கள்.

இந்த முறையில் இரண்டு ஓட்டைகள் உண்டு. வங்கியில் இருந்தபோது இரண்டிலும் நான் விழுந்திருக்கிறேன். ஒன்று, நிறைய ஊற்றுகிறவரெல்லாம் பண்ணைக்காரர் இல்லை. ஒருவர் தினமும் 110 லிட்டர் ஊற்றுகிறார் என்று பில்லைப் பார்த்துக் கடனுக்குப் பரிந்துரை எழுதிவிட்டு, அப்புறம் நேரில் போனால் தொழுவத்தில் மூன்று மாடு நின்றது. ஊரெல்லாம் வண்டியில் பால் எடுத்துத் தன் பேரில் ஊற்றும் பால்காரர் அவர். இரண்டு, உண்மையில் 15 மாடு வைத்திருப்பவர் தன் பேர், மனைவி பேர், மகன் பேர் என்று மூன்று கணக்கில் ஊற்றுவார். பதிவில் அவர் மூன்று சின்ன ஆட்களாகத் தெரிவார். இவை இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுப்பதால் தானே சரியாகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். 60 லிட்டருக்கு மேல் வரும் ஒவ்வொரு பேரையும் போனிலோ நேரிலோ சரிபாருங்கள். ஒரே வீட்டுக் கணக்குகள் எவை என்று மையத்தில் பால் அளப்பவரிடம் கேட்டால் விரல் விட்டுச் சொல்லிவிடுவார். மையத்துக்கே வராமல் ஓட்டலுக்கும் வீடுகளுக்கும் நேரே பால் கொடுக்கும் பெரிய பண்ணைகளும் உண்டு. அவை இந்த எண்ணிக்கையில் வரவே வராது. அதை அப்படியே ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இனி வரும் மைய எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை, உங்கள் பதிவு வேறு சொல்லும். 12 மையங்களில் 1,450 பேர் பால் ஊற்றுகிறார்கள். 60 லிட்டருக்கு மேல் 41 பேர். விசாரித்ததில் 6 பேர் பால்காரர்கள், கழித்தால் 35. கணக்கைப் பிரித்து ஊற்றும் 4 குடும்பங்களைச் சேர்த்தால் 39 பண்ணைகள். மையத்துக்கு மூன்றேகால் பண்ணை. இரண்டு மாவட்டத்திலும் கூட்டுறவும் தனியாரும் சேர்த்து 1,000 மையங்கள் இருப்பதாக வைத்துக்கொண்டால் 3,250 பண்ணைகள். ஆனால் 12 மையம் என்பது சின்ன மாதிரி. அதுவும் உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருக்கும் மையங்களாகத்தான் பெரும்பாலும் அமைந்திருக்கும். ஆகவே மையத்துக்கு 2 முதல் 4 என்று வரம்பு கொடுத்து, 2,000 முதல் 4,000 பண்ணைகள் என்று எழுதுவதுதான் சரி. பிட்ச்சில் 3,250 என்று ஒற்றை எண்ணைப் பார்த்தால் 'இது எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது?' என்ற கேள்வி எழும். வரம்பைப் பார்த்தால் 'ஏன் இவ்வளவு அகலம்?' என்று கேட்பார்கள். இரண்டாவது கேள்விக்கு உங்களிடம் நல்ல பதில் இருக்கிறது.

இப்போது உங்கள் பிட்ச்சின் மிகப் பலவீனமான இடத்துக்கு வருகிறேன். மேலே சொன்ன மாதிரிப் பண்ணைகளில் சராசரியாக 14 மாடு இருக்கிறது என்று வைப்போம். உடனே கை தானாக 3,250-ஐ 14-ஆல் பெருக்கப் போகும். செய்யாதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் இதே மாதிரிக் கருவி செய்த ஒரு நிறுவனருடன் பவானி பக்கம் ஒரு பண்ணைக்குப் போயிருந்தேன். பண்ணைக்காரம்மா பால் கறந்து முடித்து, கேனை ஓரமாக வைத்துவிட்டு, மூன்று மாதச் சினை என்று மருத்துவர் அன்று காலைதான் கைவிட்டுப் பார்த்துச் சொன்ன மாட்டின் கழுத்திலிருந்து பட்டையைக் கழற்றினார். கொக்கியில் ஒட்டியிருந்த சாணியைத் தொட்டித் தண்ணீரில் கழுவி, கன்று போட்டு இரண்டு மாதம் ஆன இன்னொரு மாட்டுக்கு மாட்டினார். 'அதுக்கு இனி எதுக்கு இது, கண்ணு? இனி இதுக்குத்தான பாக்கோணும்' என்றார். நிறுவனர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய பிட்ச்சில் ஒரு மாட்டுக்கு ஒரு பட்டை என்றிருந்தது.

அந்த அம்மா செய்ததுதான் சரி. பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாள், ஒன்பது மாதத்துக்குக் கொஞ்சம் மேல். கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் நடுவில் 13, 14 மாதம் என்று வைத்தால், மாடு சினையில்லாமல் இருப்பது நாலைந்து மாதம்தான். பருவம் பார்க்க வேண்டியது அந்தக் காலத்தில் மட்டும். அதாவது 14 மாடு இருக்கும் பண்ணையில் எந்த நேரத்திலும் ஐந்து மாடுகளுக்குத்தான் பட்டை தேவை. சினை நின்றதா என்று உறுதிப்படுத்தும் வரை கழற்ற மாட்டார்கள் என்பதால் ஐந்து, ஆறு என்று வைக்கலாம்.

உங்கள் கேள்வியிலேயே இதற்கான ஆதாரம் இருக்கிறது, கவனித்தீர்களா என்று தெரியவில்லை. 38 பண்ணைகளில் 410 பட்டை என்றால் பண்ணைக்கு 10.8. இலவசமாகக் கொடுத்ததால் கிட்டத்தட்ட எல்லா மாட்டுக்கும் மாட்டியிருக்கிறார்கள். பணம் கட்டும் 11 பண்ணைகளில் 64 பட்டை என்றால் பண்ணைக்கு 5.8. காசு என்று வந்ததும் பண்ணைக்காரர்களே உங்கள் சந்தையைச் சரியாக அளந்து கொடுத்துவிட்டார்கள். மாட்டு உடற்கூறு சொல்வதும் இவர்கள் பையிலிருந்து எடுத்த பணம் சொல்வதும் ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன. எச்சரிக்கையான முதலீட்டாளருக்கு உங்கள் பிட்ச்சில் இதைவிட நல்ல செய்தி கிடையாது. இதை நீங்களே முன்வந்து எழுத வேண்டும். மாடு வளர்த்த வீட்டிலிருந்து வந்த ஒருவர் எதிரில் உட்கார்ந்து இந்தக் கேள்வியைக் கேட்டு, நீங்கள் அப்போதுதான் யோசிப்பதைப் பார்த்தார் என்றால், மற்ற எண்கள் எல்லாவற்றையும் சந்தேகப்படத் தொடங்குவார். ஒன்று மட்டும் சரிபாருங்கள். பணம் கட்டும் 11 பேரும் சின்னப் பண்ணைக்காரர்களாக இருந்தால் 5.8 என்பதற்கு வேறு அர்த்தம் வந்துவிடும். அந்த 11 பண்ணைகளிலும் மொத்த மாடு எத்தனை என்று எண்ணிப் பக்கத்தில் எழுதுங்கள். 150-க்குப் பக்கத்தில் வந்தால் நான் சொல்வது நிற்கும். 70 வந்தால் அவர்கள் எல்லா மாட்டுக்கும் மாட்டுகிறார்கள் என்று பொருள், அப்போது கணக்கு உங்களுக்குச் சாதகமாக மாறும்.

பண்ணைக்கு 6 பட்டை என்று எடுத்தால், 2,000 முதல் 4,000 பண்ணைகளுக்கு 12,000 முதல் 24,000 பட்டை. 2,400 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 2.9 கோடி முதல் 5.8 கோடி. இரண்டு மாவட்டத்தின் மொத்தச் சந்தை இவ்வளவுதான். இதே மாதிரிக் கலப்பின மாடு, கூலி ஆள், கொள்முதல் மையம் எல்லாம் சேர்ந்த மாவட்டங்கள் தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரம், பஞ்சாப் ஆகிய மாநிலங்களில் 40 இருக்கும் என்று நீங்கள் நினைத்தால் 60 கோடி முதல் 115 கோடி. ஆனால் அந்த 40 என்பது இப்போதைக்கு நம்பிக்கை மட்டுமே. பஞ்சாபில் ஒரு பண்ணை எப்படி இருக்கும் என்று நீங்கள் ஈரோட்டை வைத்துச் சொல்ல முடியாது. ஆகவே பத்தியில் வரும் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு வினைச்சொல் கொடுங்கள் என்று நான் சொல்வது வழக்கம். எண்ணியதை 'எண்ணினோம்' என்று எழுதுங்கள், எண்ணியதை வைத்துப் பெருக்கியதை 'கணிக்கிறோம்' என்று எழுதுங்கள், இன்னும் பார்க்காததை 'கருதுகிறோம்' என்று எழுதுங்கள். படிப்பவர் எந்த எண்ணில் எவ்வளவு சாயலாம் என்பதை அவரே முடிவு செய்துகொள்வார்.

விலைக்கும் இதே கவனம் வேண்டும். 2,400 ரூபாய் ஏன் தாங்கும் என்பதை ஒரே வரியில் காட்டலாம். ஒரு பருவத்தைத் தவறவிட்டால் அடுத்ததற்கு 21 நாள் காத்திருக்க வேண்டும். ஒரு மாட்டுக்குத் தீவனச் செலவு நாளைக்கு 180 ரூபாய் என்று உங்கள் பண்ணைக்காரர் சொன்னால் 21 நாளுக்கு 3,780 ரூபாய். ஒரு தவறைத் தடுத்தாலே ஆண்டுக் கட்டணத்துக்கு மேல் வந்துவிடுகிறது. இதில் மிகை எங்கே நுழையும் என்றால், அந்த 21 நாளும் மாடு சும்மா நிற்பதில்லை, கொஞ்சம் பால் கொடுத்துக்கொண்டுதான் இருக்கும். அப்புறம், பருவத்தைக் கண்டுபிடித்தால் சினை நிச்சயம் என்றில்லை. களத்தில் முதல் ஊசியிலேயே சினை பிடிப்பவை பாதிக்கும் குறைவு. ஆகவே 'ஒரு மாட்டுக்கு 3,780 மிச்சம்' என்று எழுதாமல், சோதனையில் பட்டை போட்ட மாடுகளில் எத்தனை பருவம் வந்தது, ஆள் பார்த்தது எத்தனை, பட்டை மட்டும் பார்த்தது எத்தனை என்று உங்கள் பதிவிலிருந்து எடுத்து எழுதுங்கள்.

சோதனை முடிந்து பணம் கேட்ட 24 பண்ணைகளில் 11 கட்டின என்பது நல்ல எண். அதை 24-இல் 11 என்றே எழுதுங்கள். 46 சதவீதம் என்று எழுதினால் ஆயிரம் பேரிடம் கேட்ட மாதிரி ஒரு தோற்றம் வருகிறது, அப்புறம் அடிக்குறிப்பில் 24 என்று பார்த்ததும் ஏமாற்றப்பட்டது போல இருக்கும். மிச்சம் 13 பேர் ஏன் கட்டவில்லை என்பதை நாலு வரியில் பின்னிணைப்பாக வையுங்கள். என் அனுபவத்தில் எச்சரிக்கையான முதலீட்டாளர் அந்தப் பக்கத்தைத்தான் இரண்டு தடவை படிப்பார். ஓராண்டு முடிந்து மறுபடி கட்டியவர்கள் யாராவது இருந்தால் அது ஒருவரோ இருவரோ, எண்ணாகவே எழுதுங்கள். இன்னும் ஓராண்டு முடியவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். ஆண்டுக் கட்டணத்தை நம்பியிருக்கும் தொழிலில் அடுத்து வரும் கேள்வி அதுதான்.

'1 சதவீதம் பிடித்தாலே' என்ற வரியை முழுசாக எடுத்துவிடுங்கள். அந்த ஒரு சதவீதம் எப்படி வரும் என்று அதற்குள் எதுவுமே இல்லை. அந்த இடத்தில் உங்கள் ஆட்கள் பண்ணை பண்ணையாக அலையும் கணக்கை வையுங்கள். களப் பணியாளர் ஒருவர் மாதத்துக்கு எத்தனை புதுப் பண்ணையில் மாட்டிப் பழக்கிவிட முடிகிறது? நாலு என்றால், அதில் இரண்டு பணம் கட்டும் என்று உங்கள் அனுபவமே சொல்கிறது. 6 ஆட்கள் இருந்தால் ஆண்டுக்கு 144 பண்ணை, 864 பட்டை, சுமார் 20.7 லட்சம் ரூபாய். 2,000 முதல் 4,000 பண்ணைகளில் 144 என்பது ஆண்டுக்கு நாலு முதல் ஏழு சதவீதம். ஆறு பேரின் சம்பளமும் பெட்ரோலும் இந்த 20.7 லட்சத்தில் அடங்குமா என்ற கேள்வியும் அங்கேயே எழும். அடங்காது. அதை இப்போதே பார்த்துவிடுவது உங்களுக்கு நல்லது. மாட்டுகிற வேலையைக் கொள்முதல் மையத்தின் ஆட்களே செய்யும்படி மாற்ற முடியுமா, கட்டணத்தைப் பால் பில்லில் பிடித்துக்கொள்ள முடியுமா என்ற யோசனைகள் இந்தக் கணக்கிலிருந்துதான் பிறக்கும்.

இதையெல்லாம் சேர்த்து எழுதினால் பத்தி ஏறக்குறைய இப்படி வரும். பிட்ச் டெக்கில் ஆங்கிலத்தில் போட்டாலும் வரிசை இதேதான்.

"எங்கள் வாடிக்கையாளர், பத்துக்கு மேல் கலப்பினப் பசு வைத்துக் கூலி ஆளை நம்பியிருக்கும் பண்ணை. ஈரோடு, நாமக்கல் மாவட்டங்களில் 12 கொள்முதல் மையங்களின் மூன்று மாதப் பதிவில் இத்தகைய 39 பண்ணைகளை எண்ணி, ஒவ்வொன்றையும் நேரிலோ போனிலோ சரிபார்த்தோம். இதை வைத்து இரண்டு மாவட்டங்களிலும் 2,000 முதல் 4,000 பண்ணைகள் இருப்பதாகக் கணிக்கிறோம். நேரடியாகப் பால் விற்கும் பண்ணைகள் இதில் அடங்கவில்லை. சினை உறுதியான மாட்டுக்குப் பட்டை தேவைப்படாது. பணம் கட்டும் 11 பண்ணைகள் தலா 6 பட்டை அளவில் பயன்படுத்துகின்றன. பட்டைக்கு ஆண்டுக்கு 2,400 ரூபாய் வீதம் இந்த இரண்டு மாவட்டங்களின் சந்தை 2.9 முதல் 5.8 கோடி ரூபாய். இதை ஒத்த 40 மாவட்டங்கள் இருப்பதாகக் கருதுகிறோம், இன்னும் சோதிக்கவில்லை. அது சரியானால் மொத்தம் 60 முதல் 115 கோடி."

முதலீட்டாளர் டேம், சேம், சோம் என்று, அதாவது மொத்தச் சந்தை, உங்களால் எட்டக்கூடிய சந்தை, உண்மையில் பிடிக்கக்கூடிய சந்தை என்று மூன்று பெட்டி கேட்டால் 40 மாவட்டம், 2 மாவட்டம், ஆண்டுக்கு 144 பண்ணை என்று இதே எண்களை அவற்றில் நிரப்பிக் கொடுத்துவிடலாம். புதிதாக எதுவும் தேட வேண்டியதில்லை. விலைக்கு வாங்கும் சந்தை அறிக்கையின் வளர்ச்சி விகிதத்தை ஒட்டுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். 'ஸ்மார்ட் பால் பண்ணை' என்ற தலைப்புக்குள் பால் கறக்கும் இயந்திரம், தீவனம் கலக்கும் இயந்திரம் எல்லாம் கிடக்கும். அந்த விகிதம் உங்கள் பட்டையைப் பற்றி எதுவும் சொல்லாது.

72,000 கோடி 100 கோடிக்குப் பக்கத்தில் வந்து நிற்பதைப் பார்த்து உங்களுக்கு வயிறு கலங்கும், அது எனக்குப் புரிகிறது. இதனால் சில முதலீட்டாளர்கள் விலகுவார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். காரணம் அவர்களுடைய கணக்கில் இருக்கிறது. 200 கோடி ரூபாய் நிதியை நடத்தும் ஒருவர், தன் நிறுவனங்களில் ஒன்றாவது மொத்த நிதியையும் திருப்பித் தர வேண்டும் என்று பார்ப்பார். கடைசியில் அவர் கையில் 10 சதவீதப் பங்கு இருக்கும் என்றால், நிறுவனம் 2,000 கோடி மதிப்புக்கு வளர வேண்டும். ஆண்டு வருமானத்தைப் போல ஐந்து மடங்கு மதிப்பு என்று தாராளமாகப் போட்டாலும் 400 கோடி வருமானம் வேண்டும். 100 கோடிச் சந்தையில் அது நடக்காது. அவரிடம் 72,000 கோடி என்று சொல்லியிருந்தாலும் மூன்றாவது சந்திப்பில் இதே இடத்துக்குத்தான் வந்திருப்பார், அதற்குள் உங்களுக்கு மூன்று மாதம் போயிருக்கும். தனிநபர் முதலீட்டாளர்கள், சின்ன நிதிகள், வேளாண்மையை மட்டும் பார்க்கும் நிதிகள், இவர்களுக்கு இந்த அளவு ஒத்து வரலாம்.

பெரிய நிதியைத்தான் அணுக வேண்டும் என்றால் சந்தையை உண்மையாகவே பெரிதாக்கும் ஒரு மாற்றம் பொருளில் வர வேண்டும். பட்டை அசைபோடுவதையும் அளந்து காய்ச்சல், செரிமானக் கோளாறு போன்றவற்றை முன்கூட்டியே சொல்லும் என்றால் சினை மாட்டுக் கழுத்திலும் அது தங்கும். பண்ணைக்கு 6 என்பது 14 ஆகும். ஒரு பால் நிறுவனமே தன் விவசாயிகளுக்காக வாங்கும் என்றால் வாங்குபவரே மாறுகிறார், கணக்கு முழுவதையும் புதிதாகப் போட வேண்டும். இவற்றை மேலே உள்ள பத்திக்குள் கலக்காதீர்கள். அடுத்த பத்தியாக, எதைச் சோதித்தால் எந்த எண் எவ்வளவு மாறும் என்று எழுதுங்கள். உதாரணமாக, பணம் கட்டும் 11 பண்ணைகளில் நாலு பண்ணைகளிடம் சினை மாட்டுக்கும் பட்டையை விட்டுவைக்க மாதம் 100 ரூபாய் கேட்டுப் பார்க்கிறோம், மூன்று மாதத்தில் தெரிந்துவிடும் என்று எழுதலாம்.

என் கணக்கு எங்கே வழுக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்து மாடு என்ற எல்லை என் பழைய கடன் அனுபவத்திலிருந்து வந்தது. உங்கள் பெட்டியின் விலை குறைந்தால் அது ஏழாகலாம், அப்போது பண்ணைகள் கணிசமாகக் கூடும். மாட்டு எண்களெல்லாம் 2019 கணக்கெடுப்பு. அடுத்த கணக்கெடுப்பு 2024 அக்டோபரில் தொடங்கியது, அதன் எண் கையில் இருந்தால் அதைப் போட்டு ஆண்டையும் பக்கத்தில் எழுதுங்கள். கொள்முதல் மையத்துப் பதிவைப் பார்க்கச் செயலரின் சம்மதம் வேண்டும், பேர்களை மறைத்துத்தான் வெளியே காட்ட வேண்டும். பேர் மறைத்த ஒரு பக்கத்தைப் பின்னிணைப்பில் வைத்து, 6 பால்காரர்களையும் நீங்கள் அடித்த கோடு தெரியும்படி விடுங்கள். அந்த இரண்டு முதலீட்டாளர்களில் ஒருவரிடம் மறுபடி போகிறீர்கள் என்றால் முதலில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள், 39 எப்படி வந்தது என்று அதிலிருந்து பேச ஆரம்பிக்கலாம்.